நடுவே தூணா, அடியில் தட்டா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



2010-ஆம் ஆண்டு இந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வெளியே போனவன் நான். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுவது வாஷிங் மெஷின். மோட்டாருக்கும் துணிக்கும் நடுவில் இருக்கிற பகுதிதான் என் வேலை. "உன் தொழிலைப் பற்றியே பேசு தம்பி, ஆனால் போர்டில் சமன்பாடு எழுதி எங்களைத் தூங்க வைத்துவிடாதே" என்று செயலாளர் அண்ணன் கட்டளை போட்டிருக்கிறார். ஆகவே கூட்டல், பெருக்கலைத் தாண்டிப் போவதில்லை என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன்.

மேலே மூடி திறக்கும் டாப் லோடு மெஷின் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். ஒன்றின் மூடியைத் திறந்தால் தொட்டியின் நடுவே தூண் மாதிரி ஒன்று நிற்கிறது. பக்கத்து மெஷினைத் திறந்தால் தூண் இல்லை. அடியில் மேடும் பள்ளமுமாக ஒரு தட்டு மட்டும் கிடக்கிறது. தூணுக்குப் பெயர் அஜிடேட்டர். தட்டுக்கு இம்பெல்லர் என்றும், வாஷ் பிளேட் என்றும், நம்மூர்க் கடைகளில் பல்சேட்டர் என்றும் பெயர்கள். "இதில் எது சார் நல்லது?" என்பதுதான் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க வீட்ல தண்ணி எப்படி? தினமும் புடவை துவைக்கணுமா?" ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் தூணைப் பார்ப்போம். 1922-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து மேடாக் நிறுவனம் ஒரு மெஷினைக் கொண்டுவந்தது. துடுப்பு வைத்த சுழலியைத் தொட்டியின் அடியில் பொருத்தி, துணியைத் தண்ணீருக்குள் இழுப்பதற்குப் பதிலாகத் தண்ணீரைத் துணிக்குள் தள்ளினார்கள். இன்றைய அஜிடேட்டரின் பாட்டனார் அதுதான். அஜிடேட்டர் முழுச் சுற்றுச் சுற்றாது. ஏறக்குறைய அரை வட்டம் இந்தப் பக்கம் திரும்பி, அதே அளவு அந்தப் பக்கம் திரும்பும். கீழே இருக்கிற அகலமான துடுப்புகள் தண்ணீரை வெளிப்பக்கம் அடிக்கும். அந்தத் தண்ணீர் தொட்டிச் சுவரில் மோதி மேலே ஏறும், மேலே வந்ததும் நடுவுக்குத் திரும்பும், தூணை ஒட்டிக் கீழே இறங்கும். துணியும் அதோடு சேர்ந்து மேலும் கீழுமாக உருளும். நல்ல மாடல்களில் தூணின் மேல்பாதி தனியாக இருக்கும். திருகாணி மாதிரி புரி ஓடியிருக்கும். அது ஒரே பக்கமாக மட்டும் சுற்றி, மேலே மிதக்கிற துணியைக் கீழே இழுத்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், துணியைச் சுமந்துகொண்டு போவது தண்ணீர் என்பது. துணி தாராளமாக மிதந்தால்தான் உருளும். தண்ணீர் குறைந்தால் துணி குவியலாக உட்கார்ந்துவிடும். துடுப்பு மட்டும் அசையும், அதன் எதிரில் மாட்டிய துணி ஒரே இடத்தில் அடி வாங்கும். காலர் ஓரம் நைவதும், பட்டன் காஜா பிய்வதும், பனியன் தொளதொளத்துப் போவதும் பெரும்பாலும் இதனால்தான். அஜிடேட்டர் மெஷினில் தண்ணீர் சேமிக்கிறேன் என்று லெவலைக் குறைத்தால், சேமித்த தண்ணீரின் விலையைத் துணிக்கடையில் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி தட்டு. 1948-இல் பிரிட்டனில் ஹூவர் நிறுவனமும், 1953-இல் ஜப்பானில் சான்யோ நிறுவனமும் விற்பனைக்குக் கொண்டுவந்த மெஷின்களில் சுழலும் தட்டு தொட்டியின் பக்கச் சுவரில் இருந்தது. பிறகு அது அடிக்கு இறங்கியது. நம் வீடுகளில் புழங்கும் இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக்கும், பல்சேட்டர் வைத்த ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். இவற்றில் துணி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். தட்டு கிளப்பும் சுழல் பாதி வேலை செய்யும், தட்டின் உரசலும் துணியோடு துணி உரசுவதும் மீதி வேலை செய்யும்.

தட்டை வைத்தே இன்னொரு வழியும் பிறந்தது. அமெரிக்காவில் 2004-லும் 2007-லும் மின்சாரச் செலவு விதிகள் இறுகின. சூடான தண்ணீருக்கு ஆகும் மின்சாரமும் அந்தக் கணக்கில் வரும் என்பதால், தண்ணீரைக் குறைத்தாக வேண்டும் என்ற நிலை. அதன்பின் குறைந்த தண்ணீரில் துவைக்கிற வாஷ் பிளேட் மெஷின்கள் அங்கே பரவின. துவைக்கும்போது மூடி வழியே எட்டிப் பார்த்தால் தண்ணீரே கண்ணில் படாது. நனைந்த துணிக் குவியல் மட்டும் மெதுவாகப் புரளும். "தண்ணியே வரலையே, மெஷின் கெட்டுப் போச்சா?" என்று கேட்பார்கள். கெடவில்லை. தண்ணீர் பெரும்பாலும் துணிக்குள்ளேயே இருக்கிறது.

அந்த மெஷினில் துணி எப்படிப் புரள்கிறது என்பது அழகான விஷயம். தட்டின் மேடுகள் அடியில் கிடக்கும் துணியைப் பிடித்து அங்கும் இங்கும் அசைக்கும். அடித்துணி நடுவை நோக்கி நகரும், நடுவில் மேலே எழும்பும், மேலே வந்ததும் வெளிப்பக்கம் சரியும், சுவரை ஒட்டிக் கீழே இறங்கும். அஜிடேட்டரில் துணி நடுவில் இறங்கிச் சுவரில் ஏறுகிறது. இங்கே நடுவில் ஏறிச் சுவரில் இறங்குகிறது. திசையே தலைகீழ். இதற்குக் காரணம் தட்டுக்கும் துணிக்கும் உள்ள பிடிமானம். நம் அம்மாக்கள் சோப்புப் போட்ட சட்டையை இரண்டு கையாலும் கசக்குவார்களே, அதே வேலைதான்: துணியால் துணியைத் தேய்ப்பது. இந்த மெஷினில் "பாவம், தண்ணி பத்தல" என்று ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினால் துணி மிதக்கும், தட்டின் பிடி விட்டுப்போகும், கசக்கல் நின்றுபோகும். துணி நனையும், அழுக்கு போகாது.

ஆக, தண்ணீரின் அளவு நம் தாராள மனசைப் பொறுத்த விஷயமாக இருக்கவில்லை. தூணுக்கும் தட்டுக்கும் அது மெஷினின் ஒரு பாகம் மாதிரி. கூட்டினாலும் குறைத்தாலும் பாகத்தைக் கழற்றிப் போட்டதற்குச் சமம்.

அடுத்து சிக்கல். சொல்லப்போனால் சகோதரிகள் காத்திருப்பது இதற்குத்தான். ஐந்தரை மீட்டர் புடவையை எடுத்துக்கொள்வோம். துணி முறுக்கிக்கொள்வதற்கு ஒரு முனை ஒரு வேகத்திலும் மறு முனை வேறு வேகத்திலும் போனால் போதும். தட்டு மெஷினில் புடவையின் ஒரு பகுதி தட்டின் மேலே கிடக்கிறது, இன்னொரு பகுதி சுவரோரம் மேலே இருக்கிறது. தட்டு ஒரே பக்கம் சில சுற்றுகள் சுற்றினால் கீழ்ப்பகுதி கூடவே போகும், மேல்பகுதி பின்தங்கும், நடுவில் முறுக்கு ஏறும். தட்டு எதிர்ப்பக்கம் திரும்பினால் முறுக்கு இறங்கும், துணி தளர்வாக இருந்தால். ஆனால் ஏறிய முறுக்குக்குள் ஒரு சட்டைக் கை நுழைந்துவிட்டது என்று வையுங்கள். அப்புறம் எந்தப் பக்கம் சுற்றினாலும் அது இறுகத்தான் செய்யும். கடைசியில் தேர்வடம் மாதிரி ஒன்றை வெளியே இழுப்போம். இதைத் தவிர்க்கத்தான் மென்மையான ப்ரோக்ராம்களில் தட்டைச் சின்னச் சின்ன அசைவாகத் திருப்பித் திருப்பி விடுகிறோம். பழைய இரட்டைத் தொட்டி மெஷின்கள் சிலவற்றில் ஒரே பக்கம் நீண்ட நேரம் ஓடும் பழக்கம் உண்டு. அவற்றில் முறுக்கு அதிகம்.

அஜிடேட்டரில் அரை வட்டம் போய் அரை வட்டம் திரும்புவதால் துணியோடு துணி முறுக்குவது குறைவு. ஆனால் அங்கே நடுவில் ஒரு தூண் நிற்கிறதே! நீளமான துணிக்குச் சுற்றிக்கொள்ள ஒரு கம்பம் கிடைத்தால் விடுமா? புடவைத் தலைப்போ படுக்கை விரிப்பின் முனையோ தூணைத் தொட்டால், மேல்பாதித் திருகு அதை ஒரே பக்கமாக இழுத்துச் சுற்றிவிடும். அந்தத் திருகு திரும்பி வராது என்பதால் சுற்றும் தானாக அவிழாது. ஒரு முனை தூணில் இறுகி, மறு முனையைத் தண்ணீர் இழுக்கும்போது நடுவில் இழை விடும். பருத்திப் புடவையில் திடீரென்று குறுக்கே ஒரு கோடு மாதிரி இழை விலகியிருந்தால், அங்கே இப்படி ஒரு இழுபறி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சிக்கலால் துணிக்கு மட்டுமா சேதம்? தண்ணீருக்கும் சேதம். ஒரே உருண்டையாக முறுக்கிய துணி தொட்டியின் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பிழியத் தொடங்கியதும் தொட்டி தடதடவென்று ஆடும். பல மெஷின்கள் அதைக் கண்டுகொண்டு சுற்றுவதை நிறுத்தி, மறுபடி தண்ணீர் பிடித்து, துணியைப் பரப்பப் பார்க்கும். அந்தத் தண்ணீர் எந்த விளம்பரத்திலும் கணக்கில் வராது. இரண்டு தடவை இப்படி நடந்தால் ஒரு முழு அலசலுக்கு உரிய தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு வீட்டின் ஒரு நாள் துணி: இரண்டு பருத்திப் புடவை, இரண்டு வேட்டி, ஐந்து சட்டை, மூன்று துண்டு, இரண்டு படுக்கை விரிப்பு. எல்லாம் சேர்ந்து 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெளித்தொட்டியின் விட்டம் 52 சென்டிமீட்டர் என்றால், தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறுவதற்குச் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். துளை போட்ட உள்தொட்டிக்கு வெளியேயும் தண்ணீர் நிற்கும் என்பதால் வெளித்தொட்டியைத்தான் அளக்க வேண்டும்.

அஜிடேட்டருக்கு இந்தத் துணி மிதக்க 30 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்றால் 60 லிட்டர். ஒரு துவைப்பு, இரண்டு அலசல் என்று மூன்று தடவை நிரப்பினால் 180 லிட்டர். அமெரிக்காவின் பழைய அஜிடேட்டர் மெஷின்களுக்கு ஒரு லோடுக்கு 40 காலன், அதாவது சுமார் 150 லிட்டர் என்று சொல்வதைவிட இது சற்று அதிகம். நம்மூர்ப் பல்சேட்டரில் 22 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 45 லிட்டர், மூன்று தடவைக்கு 135. குறைந்த தண்ணீர் வாஷ் பிளேட்டில் துவைப்புக்கு 25, அலசலுக்கு முப்பது முப்பதாக 60, ஆக 85 லிட்டர். உங்கள் மெஷினில் எண்கள் கொஞ்சம் மாறும். வெளியேறும் குழாயை அளவு தெரிந்த வாளியில் விட்டு எண்ணிப் பாருங்கள், உங்கள் கணக்கு உங்களுக்குக் கிடைத்துவிடும்.

180-க்கும் 85-க்கும் வித்தியாசம் 95 லிட்டர். தினம் ஒரு லோடு என்றால் மாதம் 2,850 லிட்டர். இருபது வீடு உள்ள அடுக்ககத்தில் 57,000 லிட்டர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரிக்காகக் காத்திருந்தவர்கள் இந்த அரங்கத்தில் இருக்கிறீர்கள். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட ஐந்து லாரி அது.

"தண்ணி குறைஞ்சா சோப்பு போகுமா தம்பி?" என்று ஒரு மூத்தவர் முன்வரிசையில் இருந்தே கேட்கிறார். நியாயமான கேள்வி. துவைத்துப் பிழிந்த பிறகு 5 கிலோ துணியில் 3 லிட்டர் சோப்புத் தண்ணீர் தங்குகிறது என்று வையுங்கள். 60 லிட்டர் ஊற்றி ஒரே தடவை அலசினால் அந்தச் சோப்பு 63 லிட்டரில் கலக்கும். மறுபடி பிழிந்தால் 3 லிட்டர் தங்கும். அதாவது இருபத்தொன்றில் ஒரு பங்கு சோப்பு மீதி. அதே 60 லிட்டரை முப்பது முப்பதாகப் பிரித்து இரண்டு தடவை அலசினால், முதல் தடவையில் பதினொன்றில் ஒரு பங்கு, இரண்டாவதில் அதிலும் பதினொன்றில் ஒரு பங்கு. ஆக 121-இல் ஒரு பங்கு. ஒரே தண்ணீர்தான், ஆறு மடங்கு சுத்தம். ஆனால் இந்தக் கணக்கு நிற்பது நடுவில் நன்றாகப் பிழிவதால். நுரை அதிகம் இருந்தால் அது இரண்டு தொட்டிக்கும் நடுவில் மாட்டி உள்தொட்டியின் வேகத்தைக் குறைக்கும், பிழிதல் கெடும். அதனால்தான் தட்டு மெஷினுக்கு நுரை குறைந்த சோப்பு வேண்டும் என்கிறோம். தூளாக இருந்தால் முதலில் கரைத்து ஊற்றுங்கள். குறைந்த தண்ணீரில் கரையாத தூள்தான் கறுப்புப் பேன்ட்டில் வெள்ளைத் திட்டாக நிற்கிறது.

வீட்டில் நீங்கள் செய்து பார்க்க மூன்று சோதனைகள் சொல்கிறேன்.

முதலாவது, சாயம் போகாத ஒரு சிவப்புக் கைக்குட்டை. துணியெல்லாம் போட்ட பிறகு அதை மேலே வையுங்கள். துவைப்பு ஓடும்போது அது உள்ளே போய்ச் சில நிமிடங்களில் மறுபடி தலைகாட்ட வேண்டும். பத்து நிமிடம் ஆகியும் வைத்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தால் துணி உருளவில்லை என்று அர்த்தம். மூடி பூட்டிக்கொள்ளும் மெஷினில் கண்ணாடி வழியாகப் பாருங்கள். துணி உருளாவிட்டால் முதல் மருந்து, இரண்டு துணியை வெளியே எடுப்பது. தூண் மெஷினில் லெவலை ஒரு படி கூட்டியும் பார்க்கலாம். குறைந்த தண்ணீர்த் தட்டில் அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, திருகு வைத்த அஜிடேட்டர் உள்ளவர்களுக்கு. மெஷினை அணைத்துவிட்டு மேல்பாதியைக் கையால் திருப்புங்கள். ஒரு பக்கம் சுலபமாகச் சுற்ற வேண்டும், மறு பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் வழுக்கினால் உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்துவிட்டன. மேலே மிதக்கும் துணி கீழே இறங்காததற்குக் காரணம் அதுதான். மெஷினையே மாற்ற வேண்டியதில்லை. பற்களை மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாவது, தட்டு மெஷின்காரர்களுக்கு. கொஞ்சம் பஞ்சை எடுத்துத் தட்டின் மேலும் ஓரத்திலும் தடவுங்கள். ஊக்கோ நாணயமோ கீறிய இடம் இருந்தால் பஞ்சு மாட்டும். பஞ்சு மாட்டுகிற இடத்தில் புடவை இழையும் மாட்டும்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அழுக்குத் துணியை வாளியில் ஊறவைத்து, அப்படியே மெஷினில் போடுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் துணியின் அளவைத் தானாக உணரும் மெஷின், தண்ணீர் பிடிக்கும் முன்பே தட்டைச் சற்று அசைத்துப் பார்த்து, எவ்வளவு சுமை என்று முடிவு செய்கிறது. ஊறிய துணி கனமாக இருப்பதால் மூன்று கிலோவை ஆறு கிலோ என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டிப் பிடிக்கும். தண்ணீரும் வீண், தட்டின் கசக்கலும் குறையும். ஊறவைத்த துணி என்றால் லெவலை நீங்களே கையால் வையுங்கள்.

புடவைக்கு இரண்டு வார்த்தை. தூண் மெஷினானால் தூணைச் சுற்றி வைக்காதீர்கள். தளர்வாக மடித்துச் சுவரோரம் இறக்குங்கள், தலைப்பு வெளியே தொங்க வேண்டாம். தட்டு மெஷினானால் சுற்றிலும் சமமாகப் பரப்பிப் போடுங்கள். வலைப்பை மிக நல்லது. ஆனால் இரண்டு புடவையையும் ஒரே பையில் திணித்தால் பிழியும்போது ஒரு பக்கம் கனக்கும். ஒரு பைக்கு ஒரு புடவை, எதிரெதிர்ப் பக்கம் ஒவ்வொன்று.

கடைசியாக என் தீர்ப்பு. பட்டறைத் துணி, வயல் மண் ஒட்டிய துணி, கனத்த காக்கி, கூடவே கிணற்றில் தாராளமாகத் தண்ணீர் என்றால் தூண் சரி. நிறையத் தண்ணீர் நிற்பதால் மண் துணியை விட்டுப் பிரிந்து அடியில் இறங்க வழியிருக்கிறது. புடவை, வேட்டி, மெல்லிய சட்டை, விலைக்கு வாங்கும் தண்ணீர் என்றால் தட்டு சரி. குறைந்த தண்ணீரில் அது மண்ணை அவ்வளவு நன்றாகப் போக்காது என்பதால், மண் துணியை முதலில் ஒரு முறை வெளியே உதறி அலசிவிட்டுப் போடுங்கள். எதை வாங்கினாலும் தொட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

 தேநீர் வந்துவிட்டது போலிருக்கிறது. மீதிக் கேள்விகளை அங்கே வைத்துக்கொள்வோம்.